ஒரு புள்ளியில் மட்டும் சரியாக வரும் விடை

*ஐயா, வணக்கம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். dy/dx + y/x = x y², y(1) = 1 என்ற கணக்கில் v = 1/y என்று பிரதியிட்டு, v' + v/x = x என்று மாற்றினேன். விடை y = 3x/(x³ + 2) என்று வந்தது. புத்தகத்தில் 1/(2x − x²) என்று இருக்கிறது. ஆனால் என் விடையை x = 1-இல் போட்டுப் பார்த்தால் சமன்பாடு சரியாகவே இருக்கிறது! அப்புறம் அது எப்படித் தவறாகும்? இந்த 1/y என்ற பிரதியீடு யாருக்கு, எப்படித் தோன்றியது என்பதும் புரியவில்லை. போதாததற்கு, y = 0 என்பதும் ஒரு விடைதான் என்கிறான் நண்பன். அது உண்மையா?*

தம்பி, விடை வந்ததும் அதைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தீர்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். போட்டுப் பார்த்த இடம்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. x = 1-ஐ விட்டுவிட்டு x = 1.5-இல் போடுங்கள்.

உங்கள் விடைப்படி y = 4.5/5.375, அதாவது 0.837. வகையிட்டால் y' = (6 − 6x³)/(x³ + 2)². x = 1.5-இல் அதன் மதிப்பு −0.493. இப்போது சமன்பாடு என்ன கேட்கிறது என்று பாருங்கள். அதை y' = x y² − y/x என்று எழுதிக்கொண்டால், வலப்பக்கம் 1.051 − 0.558, அதாவது +0.493. எண் அப்படியே இருக்கிறது, குறி மட்டும் தலைகீழ். x = 0.5-இல் போட்டாலும் இதே கதைதான்: உங்கள் வளைவின் சாய்வு +1.163, சமன்பாடு கேட்பது −1.163.

x = 1-இல் மட்டும் ஏன் ஒத்துப்போனது? அந்தப் புள்ளியில் சமன்பாடு கேட்கும் சாய்வு 1 − 1 = 0. பூச்சியத்துக்குக் குறி ஏது? எல்லா இடத்திலும் எதிர்த்திசையில் போகும் வளைவு, சாய்வு பூச்சியமாக இருக்கும் இடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. நீங்கள் பார்த்த ஒரே இடம் அதுவாகப் போய்விட்டது.

ஆகவே தவறு ஒரே ஒரு கழித்தல் குறி. v = 1/y என்றால் v' = −y'/y². அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டு v' = y'/y² என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பாடம் நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் கரும்பலகையில் இதே குறியை விட்டேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்து சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. அரைப் பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து பிரதியீட்டை எழுதியதும் அடுத்த வரியில் v' என்ன என்று தனியாக எழுதாமல் நான் நகர்வதில்லை.

இந்தக் குறி ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். அதனால் அதை நிதானமாகப் பார்ப்போம்.

நேரியல் சமன்பாடு, அதாவது y' + P(x) y = Q(x), நமக்குப் பழகியது. தொகையீட்டுக் காரணியால் பெருக்கினால் இடப்பக்கம் முழுவதும் ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாகச் சுருண்டுவிடும், அப்புறம் தொகையிட வேண்டியதுதான். உங்கள் கணக்கில் அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது? வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் y². அங்கே x மட்டும் இருந்திருந்தால் கணக்கு மூன்று வரியில் முடிந்திருக்கும். தடுப்பது y² என்றால் அதை அங்கிருந்து கிளப்ப வேண்டும், இரு பக்கத்தையும் y²-ஆல் வகுக்க வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை, யாருக்கும் முதலில் தோன்றக்கூடியதுதான்.

y⁻² y' + (1/x) y⁻¹ = x

வலப்பக்கம் சுத்தமாகிவிட்டது. ஆனால் தொல்லை இடப்பக்கத்துக்கு மாறிவிட்டதோ என்று தோன்றும். y இருந்த இடத்தில் y⁻¹, y' இருந்த இடத்தில் y⁻² y'. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் சற்றுப் பாருங்கள். y⁻¹ என்பதை x-ஐப் பொறுத்து வகையிட்டால் சங்கிலி விதிப்படி −y⁻² y' வரும். அப்படியானால் முதல் உறுப்பு வேறெங்கிருந்தோ வந்ததல்ல, இரண்டாவது உறுப்பில் இருக்கும் y⁻¹-இன் வகைக்கெழுவேதான், குறி மட்டும் மாறியிருக்கிறது. y⁻¹-க்கு v என்று பெயர் வைத்துவிட்டால் முதல் உறுப்பு −v', இரண்டாவது v/x. மூன்றாவதாக ஒரு ஆள் அங்கே இல்லை. சமன்பாடு −v' + v/x = x ஆகிறது. இரு பக்கத்தையும் −1-ஆல் பெருக்கினால்

v' − v/x = −x

நீங்கள் எழுதியது v' + v/x = x. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். v-க்கு முன்னால் இருந்த குறி, வலப்பக்கத்துக் குறி இரண்டுமே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்த விடைத்தாள்களும் நிறையவே என் கைக்கு வந்திருக்கின்றன.

y²-க்குப் பதில் yⁿ இருந்தாலும் யோசனை இதேதான். yⁿ-ஆல் வகுத்தால் நடு உறுப்பில் இருக்கும் y, y¹⁻ⁿ ஆகும். y¹⁻ⁿ-ஐ வகையிட்டால் (1−n) y⁻ⁿ y' வரும். வகுத்தபின் முதல் உறுப்பில் நிற்பதும் y⁻ⁿ y'-தான். இரண்டும் எப்போதும் பொருந்தும். n பின்னமாக இருந்தாலும் எதிர்ம எண்ணாக இருந்தாலும் பொருந்தும். கடைசியில் வருவது

v' + (1−n) P v = (1−n) Q

உங்களுக்கு n = 2, எனவே 1−n = −1. நீங்கள் தொலைத்த கழித்தல் குறி உண்மையில் இந்த (1−n). n = 1 என்றால் 1−n பூச்சியம், v = 1 என்று ஆகிவிடும், பிரதியீடு ஒன்றும் தராது. ஆனால் அப்போது சமன்பாட்டில் மாறிகள் தாமாகவே பிரியும், இந்த வழியே வேண்டாம்.

இது ஏன் பலிக்கிறது என்பதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லாமலே தாண்டிவிடும். நடு உறுப்பில் y-இன் அடுக்கு சரியாக 1 என்று இருப்பதால்தான் இந்தப் பொருத்தம். அங்கே y³ இருந்து, y' + P y³ = Q y² என்று கணக்கு இருந்தால், y²-ஆல் வகுத்தபின் y⁻² y' ஒரு பக்கம், y இன்னொரு பக்கம் நிற்கும். ஒன்று மற்றொன்றின் வகைக்கெழு இல்லை, எனவே v என்று எதற்குப் பெயர் வைத்தாலும் சமன்பாடு நேரியலாகாது. ஆகவே கணக்கைப் பார்த்ததும் கவனிக்க வேண்டியது y' தவிர இரண்டே உறுப்புகள் இருக்கின்றனவா, அவற்றில் ஒன்றில் y வெறும் y-ஆக நிற்கிறதா என்பதுதான்.

யாருக்குத் தோன்றியது என்று கேட்டீர்கள். 1695-இல் யாக்கோபு பெர்னூலி இந்த வகைச் சமன்பாட்டை மற்றவர்களுக்கு ஒரு சவாலாக 'ஆக்டா எருடிடோரம்' என்ற இதழில் வைத்தார். மறு ஆண்டே லைப்னிட்ஸ் பிரதியீட்டால் இதை நேரியலாக்கலாம் என்று காட்டினார். ஆக, சமன்பாட்டுக்குப் பெயர் பெர்னூலியுடையது, நாம் இன்று போடும் வழி லைப்னிட்ஸுடையது. யாக்கோபின் தம்பி யோகானும் 1697-இல் தன் பங்குக்கு வேறொரு வழி சொன்னார், y-ஐ இரண்டு சார்புகளின் பெருக்கலாகப் பிரித்து. இயற்பியலில் பாய்மங்களுக்கு வரும் பெர்னூலி கோட்பாடு இவர்கள் இருவருடையதும் அல்ல, அது யோகானின் மகன் டேனியலுடையது. ஒரே வீட்டில் இத்தனை கணிதமேதைகள் இருந்தால் மாணவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்!

சரி, உங்கள் கணக்கை முடித்துவிடுவோம். v' − v/x = −x. இங்கே தொகையீட்டுக் காரணி 1/x (x > 0 என்று வைத்துக்கொள்கிறோம், தொடக்கப் புள்ளி x = 1 என்பதால்). அதனால் பெருக்கினால் இடப்பக்கம் v/x-இன் வகைக்கெழு, வலப்பக்கம் −1. தொகையிட்டால் v/x = −x + c. அதாவது v = cx − x². இந்த இடத்தில் c வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். சிலர் c-ஐ மறந்துவிட்டு v = −x² என்று எழுதி, தலைகீழாக்கி, கடைசியில் ஞாபகம் வந்து y = −1/x² + c என்று ஒட்டவைப்பார்கள். c பிறக்க வேண்டிய இடம் தொகையிடும் வரி. தலைகீழாக்கும்போது அது கூடவே பகுதிக்குள் போக வேண்டும்.

y = 1/(cx − x²). y(1) = 1 என்பதால் c − 1 = 1, c = 2. புத்தகத்து விடை வந்துவிட்டது. x = 1.5-இல் சோதிக்கலாம்: y = 1/0.75 = 4/3. y' = (2x − 2)/(2x − x²)² = 1/0.5625 = 16/9. சமன்பாடு கேட்பது 1.5 × 16/9 − (4/3)/1.5, அதாவது 24/9 − 8/9 = 16/9. ஒத்துப்போகிறது.

ஆனால் y = 1/(2x − x²) என்று எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். v = 2x − x² என்பது சாதுவான பரவளைவு, எல்லா x-க்கும் மதிப்பு உண்டு. அது x = 2-இல் அமைதியாகப் பூச்சியத்தைக் கடந்து கீழே போகிறது. அதே இடத்தில் y என்ன ஆகிறது? 1/v, அதாவது முடிவிலிக்கு ஓடிவிடுகிறது. x = 1.9-இல் y = 5.26, x = 1.99-இல் 50.25. x = 1-இல் தொடங்கிய தீர்வு x = 2-ஐ எட்டவே எட்டாது. x = 2-க்கு அப்பால் அதே சூத்திரம் எதிர்ம மதிப்புகளைக் கொடுக்கும், கால்குலேட்டரும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எண்ணைக் காட்டும், ஆனால் அது உங்கள் தீர்வின் தொடர்ச்சி அல்ல, நடுவில் சாலை அறுந்துவிட்டது. ஆகவே விடையோடு '0 < x < 2' என்று எழுதிவிடுங்கள். சமன்பாட்டைப் பார்த்து இந்த x = 2-ஐ யாராலும் ஊகிக்க முடியாது, அதில் 2 என்ற இடத்தில் எந்தக் கோளாறும் இல்லை. தொடக்க மதிப்பை மாற்றினால் அறுபடும் இடமும் மாறும். y(1) = 0.01 என்றால் c = 101, தீர்வு x = 101 வரை நிம்மதியாக வாழும்.

இப்போது உங்கள் நண்பர். அவர் சொன்னது சரிதான். y = 0 என்று போட்டால் y' = 0, இரு பக்கமும் 0 = 0. அது ஒரு தீர்வு. y²-ஆல் வகுத்தபோது அதை வெளியே தள்ளிவிட்டோம், பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்பதால். 1/(cx − x²) என்பதில் c-க்கு எந்த எண்ணைப் போட்டாலும் அது திரும்ப வராது. மேலே பார்த்த எண்களையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். y(1) சிறுத்துக்கொண்டே போனால் c = 1 + 1/y(1) பெருத்துக்கொண்டே போகும், வளைவு x-அச்சோடு ஒட்டிக்கொண்டே போகும். c முடிவிலிக்குப் போகும்போது கிடைப்பதுதான் y = 0. ஆனால் உங்கள் தொடக்க நிபந்தனை y(1) = 1 என்பதால் அது உங்கள் கணக்கின் விடை அல்ல. 'பொதுத் தீர்வு காண்க' என்று கேட்டிருந்தால் மட்டும் தனியாக ஒரு வரியில் எழுத வேண்டும்.

இதுவரை 1/y என்பது கணக்கைச் சுலபமாக்கும் ஒரு உபாயம் மாதிரிதான் தெரிந்திருக்கும். பிரதியீட்டுக்கு நிஜ உலகில் ஒரு பொருளும் இருக்கலாம் என்று காட்டும் கணக்கு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்த அதே தவறு அங்கே வேறு வேடத்தில் வரும்.

ஒரு மீன் எப்படி எடை போடுகிறது? லுட்விக் வான் பெர்ட்டலான்ஃபி என்ற ஆஸ்திரிய உயிரியலாளர் 1938-இல் வெளியிட்ட கணக்கு இப்படிப் போகிறது. உடல் சேர்த்துக்கொள்வது பரப்பளவுக்கு ஏற்றபடி, உடல் செலவழிப்பது எடைக்கு ஏற்றபடி. உருவம் மாறாமல் வளரும் உயிரில் பரப்பு நீளத்தின் வர்க்கத்தைப் போலவும், எடை நீளத்தின் கனத்தைப் போலவும் பெருகும். எனவே பரப்பு என்பது எடையின் 2/3 அடுக்கு. எடையை W என்று வைத்தால்

dW/dt = a W^(2/3) − b W

b W-ஐ இடப்பக்கம் கொண்டுபோனால் இது அசல் பெர்னூலி சமன்பாடு, n = 2/3. பிரதியீடு v = W^(1−2/3), அதாவது W-இன் கன மூலம். எடையின் கன மூலம் என்றால் என்ன? நீளம்தான், ஒரு மாறிலிப் பெருக்கல் தவிர. மீனைத் தராசில் நிறுத்தினால் வளைந்து நெளியும் சமன்பாடு, அதே மீனை அளவுகோலில் கிடத்தினால் நேரியலாகிவிடுகிறது. v' = a/3 − (b/3) v. மீன்வளம் படிப்பவர்கள் வளர்ச்சிக் கணக்கை நீளத்திலேயே தொடங்குகிறார்கள். நாம் பிரதியிட்டுக் கண்டுபிடித்த v அவர்களுடைய அளவுப் பலகையில் முன்பே இருக்கிறது.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக நானே தேர்ந்தெடுத்த எண்கள் இவை, எந்த ஒரு மீனினத்துக்கும் உரியவை அல்ல. எடை கிராமில், காலம் ஆண்டில், a = 12.93, b = 0.6 என்று வைப்போம். அப்போது v' = 4.31 − 0.2 v. v மேலே போகப் போக வேகம் குறைந்து 4.31/0.2, அதாவது 21.55-ஐ நெருங்கும். அதைக் கனப்படுத்தினால் சுமார் 10,000 கிராம். இந்த மீன் பத்து கிலோவுக்கு மேல் போகாது. தொடக்கத்தில் v = 0 என்று வைத்தால்

v = 21.55 (1 − e^(−0.2t))

ஐந்தாம் ஆண்டில் அடைப்புக்குறிக்குள் இருப்பது 1 − e⁻¹ = 0.632. மீன் தன் முழு நீளத்தில் 63 விழுக்காட்டை எட்டிவிட்டது. எடை? 0.632-இன் கனம் 0.2526, அதாவது இரண்டரை கிலோ. நீளத்தில் பாதிக்கு மேல் தாண்டிய மீன் எடையில் கால்வாசிதான். நீளத்தின் வளைவு தொடக்கம் முதலே வேகம் குறைந்துகொண்டு போகும், அதில் திருப்பம் எதுவும் இல்லை. எடையின் வளைவோ முதலில் மெல்ல, நடுவில் விறுவிறுவென்று, அப்புறம் மந்தமாகப் போகும். எடை மிக வேகமாக ஏறும் கட்டம், நீளம் முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும்போது வரும். அப்போது எடை முழு எடையில் 8/27, இங்கே சுமார் 2.96 கிலோ.

இப்போது (1−n)-ஐ மறந்துவிட்டு இதைச் செய்து பார்ப்போம். இங்கே 1−n = 1/3, நேர்ம எண், குறி மாறாது. ஆகவே கண்ணில் படவே படாது. v' = 12.93 − 0.6 v என்று எழுதிவிடுவோம். v எங்கே போய் நிற்கும்? 12.93/0.6 = 21.55, அதே எண்தான், அதே பத்து கிலோ. 'கடைசி எடை சரியாக வருகிறதே' என்று மகிழ்ச்சியாக விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் ஐந்தாம் ஆண்டைப் பாருங்கள். இந்தத் தவறான கணக்கில் 1 − e⁻³ = 0.950, கனப்படுத்தினால் 0.858. எட்டரைக் கிலோவுக்கும் மேல்! இரண்டரைக் கிலோ மீன் காகிதத்தில் மட்டும் எட்டரைக் கிலோவாகக் கொழுத்துவிட்டது.

பத்து கிலோ மட்டும் சரியாக வந்ததற்கும், உங்கள் கணக்கில் x = 1 மட்டும் சரியாக வந்ததற்கும் காரணம் ஒன்றே. (1−n)-ஐ இரண்டு உறுப்பிலும் விட்டுவிட்டால் நாம் உண்மையில் தீர்ப்பது (1−n) y' = Q yⁿ − P y என்ற வேறொரு சமன்பாடு. அதாவது எல்லா இடத்திலும் சாய்வு 1/(1−n) மடங்காகிவிடும். உங்களுக்கு அது −1 மடங்கு, மீனுக்கு 3 மடங்கு. சாய்வு பூச்சியமான இடத்தில் எத்தனை மடங்கானாலும் பூச்சியம்தான். மீன் வளர்ச்சி நின்றுபோகும் பத்து கிலோ அப்படி ஓர் இடம், உங்கள் x = 1 இன்னொன்று. ஆகவே சோதிக்கும்போது சாய்வு பூச்சியமாகாத புள்ளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் விடையின் சாய்வை, சமன்பாடு கேட்கும் சாய்வால் வகுங்கள். 1 வந்தால் நல்லது. 1/(1−n) வந்தால் தவறு எந்த வரியில் என்று தேடவே வேண்டாம், பிரதியீட்டு வரிக்கு நேராகப் போகலாம். வேறு ஏதாவது எண் வந்து, புள்ளிக்குப் புள்ளி மாறினால், தொகையீட்டில் கோளாறு என்று பாருங்கள்.

நண்பரின் y = 0 மீன் கணக்கிலும் உண்டு, ஆனால் குணம் வேறு. n = 2-இல் மற்றத் தீர்வுகள் எவ்வளவு நெருங்கினாலும் y = 0-ஐத் தொடாது. n = 2/3-இல் தொடும். W = 0 என்றே என்றும் கிடப்பது ஒரு தீர்வு, W = 0-இல் கிளம்பி வளர்வது இன்னொரு தீர்வு. தொடக்க நிபந்தனை ஒன்றே, தீர்வுகள் ஒன்றுக்கு மேல். n பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருந்தால் இந்த ஆபத்து உண்டு. அடுத்த பருவத்தில் 'தீர்வின் தனித்தன்மை' பற்றிப் படிக்கும்போது இந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி செல்லாத இடத்தையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், தேர்வில் சிலர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். y' + y/x = x y² + 1 என்று கடைசியில் ஒரு தனி 1 ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெர்னூலி அல்ல, ரிக்காட்டி சமன்பாடு. y²-ஆல் வகுத்தால் அந்த 1, y⁻² ஆகும், அதாவது v². சமன்பாடு மறுபடி நேரியல் அல்லாததாகிவிடும். ஒரு தீர்வு y₁ ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டும் y = y₁ + w என்று போட்டு w-க்கு ஒரு பெர்னூலி சமன்பாட்டைப் பெறலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. பார்த்தால் எதிலும் சேராது போலிருக்கும் dy/dx = y/(x + x² y³) போன்ற கணக்கைத் தலைகீழாக்கினால் dx/dy = x/y + x² y² என்று வரும். x-ஐத் தெரியாததாக எடுத்துக்கொண்டால் அது n = 2 உள்ள பெர்னூலிதான்.

உங்கள் கணக்கையே இன்னொரு முறை, y(1) = −1 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். c − 1 = −1, எனவே c = 0, விடை y = −1/x². இது x > 0 முழுவதும் அறுபடாமல் ஓடும். x = 1-இல் சமன்பாடு கேட்கும் சாய்வு 2. புத்தகம் இந்த நிபந்தனையைக் கொடுத்திருந்தால் உங்கள் வழியில் அதே இடத்தில் −2 வந்திருக்கும், எனக்குக் கடிதம் எழுதும் வேலையே இருந்திருக்காது.